பணிப் பண்புகள் மாதிரி: சான்றிதழ் பிரிவு எழுத்தர் பற்றிய வினாடி வினா

பி.பி.ஏ. இரண்டாம் ஆண்டு, நிறுவன நடத்தை (தமிழ் வழி)
நேரம்: 40 நிமிடம். மதிப்பெண்: 25. கால்குலேட்டர் தேவைப்படாது.

சூழல்

ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் சான்றிதழ் பிரிவு. நான்கு எழுத்தர்கள், ஒரு கண்காணிப்பாளர். கற்பகத்துக்கு அங்கே ஆறு வருட சர்வீஸ். போன ஜூன் வரை அவர் செய்தது ஒரே வேலை: விண்ணப்பத்தில் தேதி முத்திரை குத்தி, இன்வர்டு எண் போட்டு, பதிவேட்டில் ஏற்றி, பக்கத்து மேசைக்குத் தள்ளுவது. அந்த மேசையில் கட்டண பாக்கி பார்ப்பார்கள், மூன்றாவதில் தட்டச்சு, நான்காவதில் பட்டுவாடா. இனிஷியல் தப்பாக இருக்கிறது என்று மாணவர் திரும்பி வந்தால் சான்றிதழ் நேராகக் கண்காணிப்பாளரிடம் போகும். யார் கை சும்மா இருக்கிறதோ அவரிடம் கொடுத்துத் திருத்தி வாங்குவார். தப்பு எந்த மேசையில் ஆரம்பித்தது என்று யாரும் கேட்பதில்லை. கற்பகத்துக்கும் தெரியாது.

ஜூலையில் மேசைவாரியாக இருந்த வேலையைத் துறைவாரியாகப் பிரித்தார்கள். சிவில், மெக்கானிக்கல் மாணவர்களின் எல்லா விண்ணப்பமும் இப்போது கற்பகத்துடையது. வாங்குவது முதல் கையில் கொடுப்பது வரை அவரே. கல்விக் கடனுக்காக போனஃபைடு கேட்பவரை முதலில் எடுப்பதா, பஸ் பாஸுக்குக் கேட்பவரையா என்பது அவர் முடிவு. போனஃபைடுக்குக் கண்காணிப்பாளர் சரிபார்க்க வேண்டியதில்லை, டி.சி.க்கு மட்டும் வேண்டும். தப்பான சான்றிதழ் அவர் ஜன்னலுக்கே திரும்பி வரும். பதிவேட்டில் இரண்டு புதிய கட்டங்கள்: ‘கொடுத்த தேதி’, ‘திரும்பி வந்ததா’.

1 முதல் 7 வரையான அளவுகோலில் அவர் தன் வேலைக்குக் கொடுத்த மதிப்பு:

| பண்பு | ஜூனில் | செப்டம்பரில் |
|---|---|---|
| திறன் பன்மை | 2 | 4 |
| பணி முழுமை | 2 | 6 |
| பணி முக்கியத்துவம் | 5 | 5 |
| தன்னாட்சி | 2 | 5 |
| பின்னூட்டம் | 2 | 6 |

ஊக்க மதிப்பெண் = (திறன் பன்மை + பணி முழுமை + பணி முக்கியத்துவம்) ÷ 3 × தன்னாட்சி × பின்னூட்டம்

வினாக்கள்

1. போனஃபைடுக்கு மேலதிகாரி சரிபார்ப்பை எடுத்துவிட்டது முதன்மையாக எந்தப் பண்பை உயர்த்துகிறது? (2)
அ) திறன் பன்மை ஆ) பணி முழுமை இ) தன்னாட்சி ஈ) பணி முக்கியத்துவம்

2. சரியா, தவறா: ‘இந்த அளவுகோலில் ஒரு வேலையின் ஊக்க மதிப்பெண் பூஜ்யம் ஆகலாம்.’ (2)

3. ஜூனிலும் செப்டம்பரிலும் ஊக்க மதிப்பெண் எவ்வளவு? (3)

4. அடுத்து ஒரு மாற்றம் மட்டும் செய்யலாம். திட்டம் ‘க’ திறன் பன்மையை 4-இலிருந்து 7 ஆக்கும். திட்டம் ‘ங’ தன்னாட்சியை 5-இலிருந்து 6 ஆக்கும். எதில் மதிப்பெண் அதிகம்? (4)

5. திட்டம் ‘க’ இதுதான்: உறை ஒட்டுவது, ஸ்டாம்பு ஒட்டுவது, பழைய கோப்புகளைக் கட்டி அடுக்குவது ஆகிய மூன்றையும் கற்பகத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பது. திறன் பன்மை 7 ஆகும் என்ற கணிப்பை ஏற்பீர்களா? (3)

6. திங்கட்கிழமை கூட்டத்தில் கண்காணிப்பாளர், ‘கற்பகம், உங்க செக்‌ஷன் நல்லா போகுதும்மா’ என்கிறார். மாதிரியின் ஐந்து பண்புகளில் வரும் ‘பின்னூட்டம்’ இதுவா? (3)

7. 1970-களில் அமெரிக்காவின் டிராவலர்ஸ் காப்பீட்டு நிறுவனத்தில், துளை அட்டைத் தரவு பதிவாளர்களின் பிழைப் பட்டியலைக் கணினியிலிருந்து நேரடியாக அவரவருக்கே அனுப்பினார்கள்; தன் பிழையைத் தானே திருத்தவும் விட்டார்கள். கற்பகத்தின் புதிய பணியில் இதற்கு இணையானவை எவை? (3)

8. அதே பிரிவின் மூத்த எழுத்தருக்கும் இதே மாற்றம்தான். அவர் சொல்வது: ‘எட்டு மாசத்துல ரிட்டையர்டு. முத்திரை குத்திக்கிட்டே போயிருப்பேன். போன மாசச் சம்பளமே இன்னும் வரல, இதுல புது ரெஜிஸ்டர் வேற.’ இவரிடம் மாற்றம் பலிக்காமல் போவதை மாதிரி எப்படி விளக்கும்? ஐந்து வரிக்குள் எழுதவும். (5)

விடைகளும் திருத்துவோருக்கான குறிப்பும்

1. இ.

2. தவறு. எல்லாப் பண்பும் 1 என்றாலும் 1 × 1 × 1 = 1. உச்சம் 7 × 7 × 7 = 343. ‘தன்னாட்சி இல்லாவிட்டால் எல்லாம் பூஜ்யம்’ என்று வகுப்பில் பேச்சுவாக்கில் சொல்கிறோம், அந்த வாயால் வரும் தப்பு இது.

3. ஜூன்: (2 + 2 + 5) ÷ 3 = 3; 3 × 2 × 2 = 12. செப்டம்பர்: (4 + 6 + 5) ÷ 3 = 5; 5 × 5 × 6 = 150. மூன்றால் வகுக்க மறந்தவருக்கு 36, 450 என்று வரும். 450 உச்சத்தையே தாண்டுகிறது என்று கவனித்து விடையின் ஓரத்தில் குறித்திருந்தால் ஒரு மதிப்பெண் கொடுக்கலாம்.

4. இரண்டும் சமம். ‘க’: (7 + 6 + 5) ÷ 3 = 6; 6 × 5 × 6 = 180. ‘ங’: 5 × 6 × 6 = 180. திறன் பன்மையில் மூன்று புள்ளி ஏற்றிக் கிடைப்பது தன்னாட்சியில் ஒரே புள்ளியில் கிடைத்துவிடுகிறது. திறன் பன்மை மூன்றில் ஒரு பங்காகத்தான் கணக்கில் சேர்கிறது. தன்னாட்சி தனியே நின்று பெருக்குகிறது. இதை ஒருவர் எழுதியிருந்தால் கணக்கில் சின்னப் பிழை இருந்தாலும் மூன்று கொடுங்கள். இந்தப் பெருக்கல் வடிவத்தைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐந்தையும் வெறுமனே கூட்டினாலும் ஊக்கத்தை அதே அளவுக்கு, சில ஆய்வுகளில் அதைவிட நன்றாகவே, கணிக்க முடிகிறது என்று பிற்பாடு வந்த ஆய்வுகள் காட்டின.

5. ஏற்கக் கூடாது. வேலைகளின் எண்ணிக்கை கூடுவதும் திறன்கள் கூடுவதும் வேறு வேறு. பசை தடவுவதும் ஸ்டாம்பு ஒட்டுவதும் ஒரே திறன், அதுவும் பெரிய திறன் அல்ல. சலிப்பான ஒரு வேலையோடு இன்னும் மூன்று சலிப்பான வேலைகளைச் சேர்த்துவிட்டு ‘பணி வளப்படுத்தல்’ என்று சுற்றறிக்கை போடும் அலுவலகங்களை நானே பார்த்திருக்கிறேன். நேர்மையாகக் கணக்கிட்டால் 4 நாலாகவே நிற்கும், 150-ம் அப்படியே. அப்போது திட்டம் ‘ங’ ஜெயிக்கிறது. கேள்வி 4-க்குப் போய் விடையை மாற்றியவர்களுக்குக் கழிக்க வேண்டாம். அங்கே கொடுத்த எண்களுக்கு ‘சமம்’தான் விடை என்று மட்டும் குறித்து அனுப்புங்கள்.

6. இல்லை. மாதிரியில் பின்னூட்டம் என்பது வேலையே சொல்லும் சேதி: திரும்பி வந்த சான்றிதழ், ‘திரும்பி வந்ததா’ கட்டத்தில் விழும் டிக். ஹாக்மன், ஓல்டாம் 1975-இல் வெளியிட்ட கேள்வித்தாளில் மேலதிகாரி, சக ஊழியர் வழியே வரும் பின்னூட்டம் தனியாக அளக்கப்படுகிறது. அது ஊக்க மதிப்பெண்ணில் சேர்வதில்லை. கற்பகத்துக்கு அந்தப் பாராட்டு இனித்திருக்கும். ஆனால் எந்த விண்ணப்பத்தில் என்ன தவறியது என்று அதில் ஒன்றும் இல்லை. ‘ஆம், பாராட்டும் பின்னூட்டம்தானே’ என்று மட்டும் எழுதியவருக்கு மதிப்பெண் இல்லை.

7. தப்பான சான்றிதழ் அவர் ஜன்னலுக்கே வருவதும், ‘திரும்பி வந்ததா’ கட்டமும். பின்னூட்ட வழியைத் திறந்துவிடுவது என்று பெயரும் எழுதினால் முழு மதிப்பெண். துறைவாரிப் பிரிப்பை எழுதியவருக்கு ஒன்று போடலாம்: அந்த நிறுவனத்திலும் பதிவாளர்களுக்குக் குறிப்பிட்ட வாடிக்கையாளர்களின் வேலையை ஒப்படைத்தார்கள், ஆனால் கேட்டது அதை அல்ல.

8. இரண்டு சரடு வேண்டும். ஒன்று, வளர்ச்சித் தேவையின் வலிமை: புதிதாகக் கற்று வளர வேண்டும் என்ற நாட்டம் குறைவாக உள்ளவரிடம் ஊக்க மதிப்பெண் ஏறினாலும் ஊக்கம் அதே அளவுக்கு ஏறாது. இரண்டு, சூழல் திருப்தி: சம்பளம், வேலைப் பாதுகாப்பு, மேற்பார்வை ஆகியவற்றில் மனக்குறை இருந்தால் வளப்படுத்திய பணி எடுபடாது. சம்பள வரியை விட்டுவிட்டு ‘வயதானவர், மாற்றம் பிடிக்காது’ என்று எழுதியவருக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். வயது இந்த மாதிரியில் எங்குமே இல்லை, அந்த மனிதர் கேட்பதோ போன மாசச் சம்பளம்.