நேரமும் நாள்காட்டியும்: பயிற்சித்தாள்

வகுப்பு 4, கணக்கு
கொடுத்த நாள்: 10.01.2025, வெள்ளி
கொண்டுவர வேண்டிய நாள்: 20.01.2025, திங்கள்

குழந்தைகளே, கடிகாரங்களை வளையல் வைத்து நானே வரைந்தேன். தாளைப் போட்டோ எடுத்துத்தான் அனுப்புகிறேன். சின்ன போனில் முள் சரியாகத் தெரியாது என்பதால், முள் எங்கே நிற்கிறது என்று ஒவ்வொரு படத்துக்கும் கீழே எழுதியிருக்கிறேன். பிரிண்ட் எடுக்கக் கடைக்குப் போக வேண்டாம். கணக்கு நோட்டில் எழுதினால் போதும். பென்சிலில் எழுதுங்கள்.

அ. மணி பார்த்து எழுதுங்கள்

முதலில் குட்டை முள்ளைப் பாருங்கள். அது எந்த எண்ணைத் தாண்டிவிட்டதோ அதுதான் மணி. கிட்டே போயிருந்தாலும் தாண்டாத எண்ணை எழுதக் கூடாது. அப்புறம் நெட்டை முள்ளுக்கு ஐந்து ஐந்தாக எண்ணுங்கள்.

படம் 1. குட்டை முள் 5ஐக் கொஞ்சம் தாண்டி நிற்கிறது. நெட்டை முள் 3இல். மணி என்ன? எண்ணிலும், வீட்டில் சொல்வது போலச் சொல்லிலும் எழுதுங்கள்.

படம் 2. குட்டை முள் 11ஐத் தொடப் போகிறது, ஆனால் தொடவில்லை. நெட்டை முள் 9இல். மணி என்ன? (போன வாரம் பாதி வகுப்பு தவறவிட்டது இதைத்தான்.)

படம் 3. குட்டை முள் 1க்கும் 2க்கும் நடுவைத் தாண்டிவிட்டது. நெட்டை முள் 7ஐத் தாண்டி நான்காவது சிறு கோட்டில். மணி என்ன?

படம் 4. குட்டை முள் சரியாக 3இன் மேல். நெட்டை முள் சரியாக 6இன் மேல். நன்றாக ஓடுகிற கடிகாரத்தில் முட்கள் இப்படி நிற்குமா? ஏன்? (கரும்பலகையில் நான் அவசரமாக வரைந்தது இது. முதல் பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து, "மிஸ், முள்ளு தப்பு" என்றாள். அதனால் கேள்வியாகவே வைத்துவிட்டேன்.)

படம் 5. இரண்டு வெறும் வட்டங்கள். ஒன்றில் பன்னிரண்டரை மணியையும் மற்றதில் 6.55ஐயும் வரையுங்கள். குட்டை முள்ளை எங்கே வைக்கிறீர்கள் என்றுதான் பார்ப்பேன்.

ஆ. எவ்வளவு நேரம் ஆனது?

ஒன்றை நான் செய்து காட்டுகிறேன். விழுப்புரத்தில் காலை 9.50க்குக் கிளம்பிய பஸ் 11.35க்குத் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தது. பயண நேரம் எவ்வளவு?

9.50 → 10.00 = 10 நிமிடம்
10.00 → 11.00 = 1 மணி
11.00 → 11.35 = 35 நிமிடம்
மொத்தம் 1 மணி 45 நிமிடம்.

சிலர் 11.35இலிருந்து 9.50ஐ ரூபாய் பைசா போலக் கழித்து 1.85 என்று எழுதுகிறீர்கள். ரூபாய்க்கு 100 பைசா, மணிக்கு 60 நிமிடம்தான். கடன் வாங்கினால் 60 வாங்க வேண்டும். தாவித் தாவிப் போனால் கடனே வேண்டாம்.

1. பாட்டி இரவு 8.45க்கு இட்லி மாவைக் கரைத்து மூடி வைத்தார். காலை 6.15க்குத் திறந்தால் மாவு பொங்கியிருந்தது. எத்தனை நேரம் புளித்தது? நள்ளிரவு 12இல் ஒருமுறை நின்று எண்ணுங்கள்.

2. தெருவில் காலை 9 மணிக்குக் கரண்ட் போய், பிற்பகல் 2.20க்கு வந்தது. எவ்வளவு நேரம் கரண்ட் இல்லை?

3. பொங்கல் பானையை 7.10க்கு அடுப்பில் ஏற்றினார்கள். 25 நிமிடத்தில் பொங்கியது. அப்போது மணி என்ன?

4. பள்ளி மணி 9.10க்கு அடிக்கும். குளித்துக் கிளம்ப 35 நிமிடம், சாப்பிட 15 நிமிடம், நடக்க 25 நிமிடம். கடைசியாக எத்தனை மணிக்குள் எழுந்தால் தப்பிக்கலாம்?

5. எங்கள் வீட்டுக் கடிகாரத்தை என் அப்பா வேண்டுமென்றே 7 நிமிடம் கூட்டி வைத்திருக்கிறார். அது 8.02 காட்டினால் உண்மையில் மணி என்ன?

6. ரயில் டிக்கெட்டில் புறப்பாடு 21:40, வந்து சேர்வது மறுநாள் 05:15. புறப்படும் நேரத்தை வீட்டில் எப்படிச் சொல்வோம்? பயணம் எவ்வளவு நேரம்?

7. அந்தக் காலத்தில் ஒரு நாளை 60 நாழிகையாகப் பிரித்தார்கள். அப்படியானால் ஒரு நாழிகைக்கு எத்தனை நிமிடம்? 5 நாழிகைக்கு எத்தனை மணி நேரம்?

★ முடிந்தவர்கள் மட்டும்: சலூனில் முதுகுக்குப் பின்னால் கடிகாரம் மாட்டியிருக்கிறது. முன்னால் உள்ள கண்ணாடியில் அது 8.20 போலத் தெரிகிறது. திரும்பிப் பார்த்தால் மணி என்ன இருக்கும்?

இ. நாள்காட்டி: ஜனவரி 2025

```
ஞா   தி   செ   பு   வி   வெ   ச
                 1    2    3    4
 5    6    7    8    9   10   11
12   13   14   15   16   17   18
19   20   21   22   23   24   25
26   27   28   29   30   31
```

1. பொங்கல் 14ஆம் தேதி. என்ன கிழமை? குடியரசு நாள் என்ன கிழமை? (லீவு ஒன்று போச்சே என்று எழுத வேண்டாம், கிழமை மட்டும்.)

2. எந்தெந்தக் கிழமைகள் ஐந்து முறை வருகின்றன? எத்தனை கிழமைகள்? ஏன் அத்தனை?

3. 14 முதல் 19 வரை லீவு. எத்தனை நாள்?

4. பிப்ரவரி 1 என்ன கிழமை? தாளைத் திருப்பாமல் சொல்லுங்கள்.

5. ஜனவரி 14 தை மாதம் 1ஆம் நாள். அப்படியானால் ஜனவரி 26 தை எத்தனை? பிப்ரவரி 11 தைப்பூசம், அது தை எத்தனை?

6. ஜனவரி 12 காலையில் புது கேஸ் சிலிண்டர் மாட்டினார்கள். சரியாக 40 நாள் கழித்துத் தீர்ந்தது. எந்தத் தேதி, என்ன கிழமை?

7. 2024 லீப் வருடம். அடுத்தது எது? 2025 பிப்ரவரிக்கு எத்தனை நாள்?

பெற்றோருக்கு (இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிடுங்கள்)

அ. 1) 5.15, ஐந்தேகால். 2) 10.45, பத்தேமுக்கால். 11.45 என்று எழுதினால் உடனே திருத்தாமல், "முள்ளு 11ஐத் தாண்டிடுச்சா?" என்று மட்டும் கேளுங்கள். 3) 1.39. 4) நிற்காது. நெட்டை முள் 6க்கு வருவதற்குள் குட்டை முள் 3க்கும் 4க்கும் நடுவில் வந்திருக்க வேண்டும். 5) பன்னிரண்டரைக்குக் குட்டை முள் 12க்கும் 1க்கும் நடுவில், 6.55க்கு 7ஐ ஒட்டி.

ஆ. 1) 9 மணி 30 நிமிடம். 2) 5 மணி 20 நிமிடம். 9இலிருந்து 2ஐக் கழித்து 7 என்று ஆரம்பிப்பார்கள். 12 வரை 3, அதற்கு மேல் 2.20 என்று விரல் விட்டு எண்ணச் சொல்லுங்கள். 3) 7.35. 4) 7.55. 5) 7.55. 6) இரவு 9.40, 7 மணி 35 நிமிடம். 7) 24 நிமிடம், 2 மணி நேரம். ★ 3.40. கையால் வரைந்த தாளை வெளிச்சத்தில் பின்பக்கமாகப் பிடித்தால் குழந்தைக்கே தெரியும்.

இ. 1) செவ்வாய், ஞாயிறு. 2) புதன், வியாழன், வெள்ளி. 31 நாளில் நான்கு வாரம் போக 3 நாள் மிச்சம், அதனால் மூன்று கிழமைகள். 3) 6 நாள். 19இலிருந்து 14ஐக் கழித்தால் 5 வரும், ஆனால் 14ஆம் தேதியும் லீவுதானே. பெரியவர்களும் இதில் சறுக்குவதுண்டு. 4) சனி. 5) தை 13, தை 29. 6) பிப்ரவரி 21, வெள்ளி. 7) 2028, 28 நாள்.

முள் கடிகாரம் இல்லாத வீட்டுக் குழந்தைகள் என்னிடம் சொல்லட்டும். வகுப்பில் அட்டைக் கடிகாரம் நான்கு இருக்கிறது, லீவுக்கு எடுத்துப் போகலாம். நடுவில் உள்ள குண்டூசி பத்திரம்.