தீபாவளி பேட்ச்: 2026 செப்டம்பர் 26 முதல் நவம்பர் 6 வரை ஷெட் அட்டவணை

மாப்பிள்ளைக்கு,

இந்தத் தடவை ஷெட் முழுக்க உங்க பொறுப்பு. நான் காரைக்குடிக் கடையை விட்டு நகர முடியாது, வெள்ளிக்கிழமை மட்டும் வருவேன். அதனால தேதி வாரியா எழுதியிருக்கேன். ஒரு நகல் தீவன ரூம் கதவுல ஒட்டிருங்க, பெரியவரும் பார்த்துக்குவார்.

குஞ்சு இறங்குற சனிக்கிழமை, செப்டம்பர் 26, நமக்கு 1ஆம் நாள். 42ஆம் நாள் நவம்பர் 6, வெள்ளி. தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. இந்தக் கணக்கைப் பின்னாலிருந்து போட்டேன். கடைக்காரங்களுக்குக் கோழி சனிக்கிழமை விடியறதுக்குள்ள கையில இருக்கணும், அதுக்கு வெள்ளி ராத்திரி நம்ம ஷெட் காலியாகணும். தீபாவளி கழிஞ்ச கையோட அமாவாசை, கந்தசஷ்டி விரதம், அடுத்து கார்த்திகை மாலை. அப்ப கோழியைக் கேக்க ஆள் இருக்காது. புரட்டாசியில ஏத்துறோமேன்னு அம்மா சொன்னாங்க. புரட்டாசியில கோழி விக்கறவனுக்குத்தான் கஷ்டம், வளர்க்கறவனுக்கு இல்ல.

7, 14, 21, 28, 35, 42 எல்லாமே வெள்ளிக்கிழமையில விழுது. தடுப்பூசி, எடை ரெண்டும் வெள்ளிக்கிழமை வேலைன்னு வச்சுக்கங்க.

குஞ்சு வருமுன்: செப்டம்பர் 18 – 25

18: தரை கழுவி, சுண்ணாம்பு அடிச்சு முடிக்கணும். வாசல்ல கால் நனைக்கிற தொட்டி கட்டாயம். வியாபாரி வந்தாலும் சரி, நான் வந்தாலும் சரி, அதுல மிதிக்காம உள்ள விடாதீங்க.

21: புதுவயல் மில்லுல உமி சொல்லியாச்சு. வந்ததும் கையில அள்ளிப் பாருங்க, ஈரம் தெரிஞ்சா இறக்காதீங்க. ரெண்டரை அங்குலம் பரப்பினது போக இருபது சாக்கு தனியா, தார்ப்பாய்க்குள்ள வைக்கணும். ஐப்பசி அடைமழையில உமி கிடைக்கும், காய்ஞ்ச உமி கிடைக்காது.

24: முதல் தீவன லோடு. பிரீ ஸ்டார்ட்டர் 12 மூட்டை, ஸ்டார்ட்டர் 36 மூட்டை. மூட்டை ஐம்பது கிலோ. பலகை மேல அடுக்குங்க, சுவத்தை விட்டு ஒரு சாண் தள்ளி.

25: தகடு வளையம் எட்டு போடணும், வளையத்துக்கு 250 குஞ்சு. தீவனத் தட்டு 40, தண்ணிக் குடுவை 40. கரண்டு போனா பல்பு உதவாது, அதனால கரி அடுப்பும் கரி மூட்டையும் தயாரா இருக்கணும். சாயங்காலமே சூடு ஏத்தி வச்சாத்தான் காலையில உமி தொட்டா வெதுவெதுன்னு இருக்கும்.

1ஆம் நாள், சனி, செப்டம்பர் 26

பல்லடத்துல ராத்திரி கிளம்புற வண்டி விடியக்காலம் வந்துரும். 2,000 குஞ்சுக்குப் பணம் கட்டியிருக்கு, நூத்துக்கு ரெண்டு சேர்த்து 2,040 வரும். பெட்டி எண்ணி, நாலஞ்சு பெட்டியைப் பிரிச்சும் எண்ணிக்கங்க. செத்தது, நொண்டி எல்லாம் டிரைவர் இருக்கும்போதே ரசீதுல எழுதி வாங்குங்க. வண்டி போனப்புறம் சொன்னா யாரும் காது கொடுக்க மாட்டாங்க.

முதல்ல தண்ணி, அப்புறம்தான் தீவனம். குளுக்கோஸ் கலந்த தண்ணியில ஒவ்வொரு குஞ்சுக்கும் மூக்கை ஒரு தடவை தொட்டு விட்டு இறக்கணும். ரெண்டு மணி நேரம் கழிச்சு பேப்பர் விரிச்சு அதுமேல தீவனம் தூவுங்க. சாயங்காலம் அங்கங்க இருபது குஞ்சோட இரைப்பையைத் தடவிப் பாருங்க. மெத்துன்னு நிறைஞ்சிருந்தா சரி. கல்லு மாதிரி இருந்தா தண்ணி குடிக்கலை, காலியா இருந்தா தீவனத்தைக் கண்டுபிடிக்கலை.

சூடு முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட், அப்புறம் வாரத்துக்கு 5 டிகிரி குறைக்கணும். ஆனா தெர்மாமீட்டரை விடக் குஞ்சு சொல்றதைக் கேளுங்க. பல்புக்கு அடியில ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் குவிஞ்சா குளிருது. வளையத்து ஓரமா ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு விட்டா சூடு அதிகம். பரவலாப் படுத்திருந்தா நீங்களும் போய்ப் படுக்கலாம். முதல் மூணு நாள் ராத்திரி பூரா வெளிச்சம் எரியட்டும், அப்புறம் தினம் ஒரு மணி நேரம் அணைச்சுப் பழக்குங்க. இல்லேன்னா ஒரு நாள் கரண்டு போகும்போது மிரண்டு ஒரே மூலையில குவிஞ்சு நசுங்கிப் போகும்.

7ஆம் நாள், வெள்ளி, அக்டோபர் 2: ராணிக்கெட், கண் சொட்டு

அன்னைக்கு காந்தி ஜெயந்தி, மருந்துக் கடையை நம்ப முடியாது. புதன்கிழமையே வாங்கி பிரிட்ஜ்ல, கதவுப் பக்கம் இல்லாம உள் தட்டுல வைக்கணும். உறை அறையில வச்சுடாதீங்க. ஆயிரம் டோஸ் புட்டி ரெண்டு, சின்னப் புட்டி ஒண்ணு. 2,040 குஞ்சுக்கு ரெண்டாயிரம் டோஸ் பத்தாது.

காலை ஆறு மணிக்கு ஆரம்பம். ஒரு புட்டியைக் கலந்து முடிச்ச பிறகுதான் அடுத்ததை உடைக்கணும். கலந்தது ஒன்றரை மணி நேரத்துக்குள்ள தீரணும், கீழே ஐஸ் இருக்கணும். ஒரு கண்ணுக்கு ஒரு சொட்டு. விட்டதும் கீழே போட்டுடாதீங்க, குஞ்சு கண்ணை மூடி முழுங்குற வரைக்கும் ஒரு நொடி பிடிச்சிருக்கணும். நாலு பேர் வேணும்: ரெண்டு பேர் பிடிக்க, ரெண்டு பேர் விட. தங்கச்சி நல்லா விடுவா, அவளைக் கூப்பிட்டுக்கங்க.

அன்னைக்கு எடை 170 கிராம் சுமாரா இருக்கணும். வளையத்தை நாலாம் நாள்ல இருந்து கொஞ்சம் கொஞ்சமாப் பெருக்கி, 10ஆம் நாள் எடுத்துரலாம். 11ஆம் நாள் ஸ்டார்ட்டர். ஒரே நாள்ல மாத்தாம, ரெண்டு நாள் பாதிப்பாதி கலந்து போடுங்க.

14ஆம் நாள், வெள்ளி, அக்டோபர் 9: கம்போரோ, தண்ணியில

இதுலதான் அதிகம் கோட்டை விடுவாங்க. புதன்கிழமையில இருந்தே தொட்டியில பிளீச்சிங் பவுடர் போடக்கூடாது, மருந்து எதுவும் கலக்கக்கூடாது. குளோரின் துளி இருந்தாலும் தடுப்பூசி செத்துப்போகும், நாம கொடுத்துட்டோம்னு நினைச்சுக்கிட்டு இருப்போம். குடுவையெல்லாம் வெறும் தண்ணியில தேய்ச்சுக் கழுவணும், சோப்பு வேண்டாம்.

காலையில அஞ்சரைக்குக் குடுவையை எல்லாம் தூக்கிக் கட்டிருங்க. ஏழு மணிக்கு 30 லிட்டர் கிணத்துத் தண்ணியில 150 கிராம் கொழுப்பெடுத்த பால் பவுடர், ஐஸ் கட்டி, பத்து நிமிஷம் கழிச்சு மருந்து. புட்டியைத் தண்ணிக்குள்ள முக்கிப் பிடிச்சு மூடியைத் திறக்கணும். ஒரே நேரத்துல எல்லாக் குடுவையும் இறங்கணும், ரெண்டு மணி நேரத்துக்குள்ள தீரணும். நீங்க ஷெட்டுக்குள்ள மெதுவா நடந்துக்கிட்டே இருங்க, மூலையில படுத்திருக்கிறதும் எழும்பி வந்து குடிக்கும். காலிப் புட்டியைக் கொதிக்க வச்சுப் புதைச்சிருங்க. எடை 430.

21ஆம் நாள், வெள்ளி, அக்டோபர் 16

ஊசி இல்லை. எடை 850 எதிர்பாக்குறேன். ஆனா இந்த வாரத்துல இருந்துதான் கண்ணுல எண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாக்கணும். வாடைக்காத்தும் மழையும் ஒண்ணா வரும். வடக்குப் படுதாவைக் கீழே இருந்து மூடுங்க, மேலே ஒரு முழம் திறந்தே இருக்கணும். முழுசா மூடினா அமோனியா ஏறும். ஷெட்டுக்குள்ள குனிஞ்சு குஞ்சு உயரத்துல மூச்சு விட்டுப் பாருங்க, கண் எரிஞ்சா அதுக்கும் எரியுது.

உமியை தினம் கிளறணும். குடுவைக்கு அடியில கட்டி பிடிச்சதை அள்ளி வெளியே போட்டு, தார்ப்பாய்க்குள்ள இருக்கிற காய்ஞ்ச உமியைப் போடுங்க. எச்சத்துல ரத்தம் தெரிஞ்சா அன்னைக்கே டாக்டருக்குப் போன், எனக்கு அப்புறம் சொன்னாப் போதும். சும்மா ஒரு மருந்தை வாங்கிக் கலந்துடாதீங்க.

தீவனம்: 15ஆம் தேதி வியாழன் பினிஷர் 55 மூட்டை வந்துரும், 22ஆம் நாள்ல இருந்து அதுதான். அடுத்த வாரம் ஆயுத பூஜை, வண்டியெல்லாம் பூ வச்சுப் படுத்துக்கும். அதனாலதான் முன்கூட்டியே. மீதி 45 மூட்டை 26, திங்கள்.

28ஆம் நாள், வெள்ளி, அக்டோபர் 23: லசோட்டா, தண்ணியில

ராணிக்கெட்டுக்கு ரெண்டாவது தவணை. முறை கம்போரோ மாதிரியே, தண்ணி மட்டும் 60 லிட்டர், பால் பவுடர் 300 கிராம். ரெண்டு மூணு நாளைக்கு லேசாத் தும்மும், அது மருந்தோட வேலை. நாலாம் நாளும் நிக்கலைன்னா, கழுத்து திருகினா, பச்சையாக் கழிஞ்சா எனக்குக் கூப்பிடுங்க. எடை 1,350.

அன்னைக்கு ஜுரமோ சோர்வோ பரவலா இருந்தா ஊசியைத் தள்ளி வைக்கலாம், டாக்டர் சொன்னா மட்டும். நோயாளிக் கோழிக்கு ஊசி போடுறதுல பிரயோஜனம் இல்ல.

35ஆம் நாள், வெள்ளி, அக்டோபர் 30

இதோட எல்லா மருந்தும் நிறுத்தம். வைட்டமின் கூட வேண்டாம். விக்கிற கோழியில மருந்து தங்கக்கூடாது, அதுல பேச்சு இல்ல. எடை 1,850.

மறுநாள் சனி ராத்திரி முதல் பிடிப்பு, 500 கோழி. காரைக்குடி மெஸ் காரங்களுக்கு ரெண்டு கிலோவுக்குக் கீழேதான் வேணும், குழம்புக்குத் துண்டு சரியா விழும். நமக்கும் இடம் விடும். 2,000 சதுர அடியில ஒரு கோழிக்கு ஒரு அடிதான் இருக்கு, கடைசி வாரம் அது போதாது. எடை குறைஞ்சதா, ஆனா நொண்டாததா பொறுக்கிக் கொடுங்க.

41, 42ஆம் நாள்: நவம்பர் 5, 6

வியாழன் ராத்திரி தேவகோட்டை வண்டி, 500. வெள்ளி ராத்திரி மீதி எல்லாம், நம்ம கடைக்கு 60 நிறுத்திக்கங்க. சராசரி 2,300 கிராம் வரும்.

பிடிக்கிறதுக்கு ஆறு மணி நேரம் முன்னால தீவனத்தட்டைத் தூக்கிருங்க, தண்ணி கடைசி வரைக்கும் இருக்கட்டும். வெளிச்சத்தைக் குறைச்சு, ஓரமா தட்டி கட்டி கொஞ்சம் கொஞ்சமாப் பிடிக்கணும். இறக்கையைப் பிடிச்சுத் தூக்கினா ஒடியும், ஒடிஞ்ச கோழியைக் கடைக்காரன் கழிப்பான். தராசுல முதல்ல நம்ம ஐம்பது கிலோ மூட்டையை ஏத்திப் பாத்துட்டுத்தான் கோழிக் கூண்டு ஏறணும். காலிக் கூண்டு எடை எழுதிக்கங்க.

விலை அன்னைய பண்ணை விலைதான், வியாபாரிகிட்ட பேசியாச்சு. ரெண்டு ரூபா ஏறும், ஒரு வாரம் வச்சிருப்போம்னு யாராவது சொல்வாங்க. இந்த வயசுல நாளைக்கு அஞ்சு மூட்டை தின்னும், ஏறுற எடை அதுக்குக் கட்டாது. மழையில ஒரு நோய் வந்தா மொத்தமும் போச்சு. எடை 2,100 ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமை ஏத்திருங்க.

அதுக்கப்புறம்

9ஆம் தேதி எரு அள்ளல். பள்ளத்தூர் தென்னந்தோப்புக்காரர் சொல்லியிருக்கார், டிராக்டர் அவரோடது. கழுவினதுல இருந்து ஷெட் ரெண்டு வாரம் காலியாக் கிடக்கட்டும். தினம் செத்த எண்ணிக்கை, தீவன மூட்டை, எடை மூணையும் நோட்டுல எழுதுங்க. கிலோ கோழிக்கு 1.75 கிலோ தீவனத்துக்குள்ள முடிஞ்சா எனக்குத் திருப்தி. பொங்கலுக்கான குஞ்சு டிசம்பர் முதல் வாரம் இறங்கணும், அதுக்கு முன்பணம் நவம்பர் 10க்குள்ள கட்டணும், அதை நான் பாத்துக்கிறேன்.