ராயபுரம் அத்தோ கடை: பிரேக்-ஈவன் கணக்கு

லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் வரவும் செலவும் சமமாகும் விற்பனை அளவுதான் பிரேக்-ஈவன். நேற்று சூத்திரமாகப் பார்த்த இதை இன்று ஒரு கடையில் போட்டுப் பார்ப்போம்.

ஒரு தட்டு அத்தோ 60 ரூபாய். நூடுல்ஸ், எண்ணெய், முட்டைகோஸ், கேஸ் எல்லாம் சேர்ந்து தட்டுக்கு 36. மீதி 24தான் பங்களிப்பு. வாடகை 12,000, உதவியாளர் சம்பளம் 20,000, கரண்ட் 4,000. ஒரு தட்டுகூட விற்காவிட்டாலும் மாதம் 36,000 எடுத்து வைத்தாக வேண்டும்.

பிரேக்-ஈவன்: 36,000 ÷ 24 = 1,500 தட்டு, விற்பனை ரூ. 90,000.

```
ஒரு █ = ரூ. 6,000; இடப்பக்க எண் = தட்டு
   0  செலவு  ██████
      வரவு
1000  செலவு  ████████████
      வரவு   ██████████
1500  செலவு  ███████████████
      வரவு   ███████████████
2000  செலவு  ██████████████████
      வரவு   ████████████████████
```

செலவு 36,000இல் தொடங்குவதைக் கவனியுங்கள். வரைபடத்தில் மொத்தச் செலவுக் கோட்டைப் பூஜ்யத்திலிருந்து இழுத்தால் பிரேக்-ஈவன் புள்ளியே கிடைக்காது.

சரி, கடை இப்போது மாதம் விற்பது 2,000 தட்டு. பிரேக்-ஈவனுக்கு மேல் விற்கும் அளவான பாதுகாப்பு வரம்பு 500 தட்டு, ரூ. 30,000, அதாவது இப்போதைய விற்பனையில் 25%. லாபம் 500 × 24 = ரூ. 12,000. மழை மாதத்தில் வியாபாரம் கால் பங்கு விழுந்தால் இந்த லாபம் முழுசும் போய்விடும்.