கடிகாரப் பயிற்சித்தாள் 7: பன்னிரண்டைத் தாண்டும் நேரம்

வகுப்பு 5, கணக்கு. நேரம்: 40 நிமிடம்

ஒரு கணக்கைச் சேர்ந்து போட்டுப் பார்ப்போம். மு.ப. 10:45-க்குத் தொடங்கும் வேலை 3 மணி 40 நிமிடம் நடக்கிறது. எப்போது முடியும்?

முதலில் பன்னிரண்டு வரை போங்கள். 10:45-லிருந்து நண்பகலுக்கு 1 மணி 15 நிமிடம். 3 மணி 40 நிமிடத்தில் அது போக மீதி 2 மணி 25 நிமிடம். நண்பகலிலிருந்து அந்த மீதியை எண்ணினால் பி.ப. 2:25.

நேராகக் கூட்டினாலும் சரிதான்: 10:45 + 3:40 = 13:85. 85 நிமிடம் என்பது 1 மணி 25 நிமிடம். ஆக 14:25, அதாவது பி.ப. 2:25. நூறு நிமிடம் ஆனால்தான் ஒரு மணி என்று நினைத்து 13:85-ஐ அப்படியே விட்டுவிடாதீர்கள்.

நள்ளிரவுக்கும் இதே வழிதான். ஆனால் அங்கே தேதியும் கிழமையும் சேர்ந்து மாறும். சரியாகப் பன்னிரண்டு வந்தால் மு.ப., பி.ப. வேண்டாம், நண்பகல் 12:00 அல்லது நள்ளிரவு 12:00 என்றே எழுதுங்கள்.

கணக்குகள்

1. மு.ப. 11:35-க்கு 50 நிமிடம் கழித்து மணி என்ன?

2. மு.ப. 8:20 முதல் பி.ப. 1:05 வரை எவ்வளவு நேரம்?

3. ரயில் பி.ப. 9:40-க்குப் புறப்படுகிறது. பயண நேரம் 7 மணி 45 நிமிடம். எப்போது போய்ச் சேரும்?

4. பி.ப. 10:30-உடன் 3 மணி 45 நிமிடத்தைக் கூட்டி, "பி.ப. 2:15" என்று ஒரு மாணவி எழுதினாள். எண் சரி, விடை தவறு. ஏன்?

5. 28 பிப்ரவரி 2028, திங்கள், பி.ப. 10:50. இன்னும் 4 மணி 35 நிமிடம் கழித்து என்ன தேதி, கிழமை, நேரம்?

6. பேருந்து 1 மார்ச் 2027 அன்று மு.ப. 1:10-க்கு வந்து சேர்ந்தது. பயணம் 3 மணி 25 நிமிடம். எந்தத் தேதியில், எத்தனை மணிக்குக் கிளம்பியது?

7. திங்கள் பி.ப. 7:20-க்கு ஓடத் தொடங்கிய இயந்திரம் நிற்காமல் 30 மணி நேரம் ஓடியது. எப்போது நின்றது? (எத்தனை நள்ளிரவு வருகிறது என்று முதலில் எண்ணுங்கள்.)

விடைகள் (போட்டு முடித்த பிறகு பார்க்கவும்)

1. பி.ப. 12:25. மு.ப. என்று எழுதினால் அது நள்ளிரவு தாண்டிய நேரம் ஆகிவிடும்.

2. 3 மணி 40 நிமிடம் + 1 மணி 5 நிமிடம் = 4 மணி 45 நிமிடம்.

3. மறுநாள் மு.ப. 5:25.

4. நள்ளிரவைத் தாண்டியதால் மறுநாள் மு.ப. 2:15.

5. 29 பிப்ரவரி 2028, செவ்வாய், மு.ப. 3:25. 2028 லீப் ஆண்டு. மார்ச் 1 என்று எழுதியவர்கள் ஆண்டைக் கவனிக்கவில்லை.

6. பின்னோக்கிப் போக வேண்டும். நள்ளிரவுக்கு 1 மணி 10 நிமிடம், மீதி 2 மணி 15 நிமிடம். 28 பிப்ரவரி 2027, பி.ப. 9:45. இது லீப் ஆண்டு இல்லை.

7. 24 மணி நேரத்தில் செவ்வாய் பி.ப. 7:20. மீதி 6 மணி நேரம் இரண்டாவது நள்ளிரவையும் தாண்டுகிறது: புதன் மு.ப. 1:20.