பள்ளி ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வர வேண்டி அழைப்பு

நாள்: 12.01.2026

அனுப்புநர்:
தலைமையாசிரியை,
மேல்நிலைப் பள்ளி.

பெறுநர்:
செவிலியர் கண்காணிப்பாளர் அவர்கள்,
அவசர சிகிச்சைப் பிரிவு,
அரசு மருத்துவமனை.

பொருள்: 21.02.2026 சனிக்கிழமை மாலை நடைபெறும் பள்ளி ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினராகக் கலந்துகொள்ள வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம்.

எங்கள் பள்ளியின் இந்த ஆண்டு விழாவுக்குத் தாங்கள் சிறப்பு விருந்தினராக வந்து, மாணவர்களுக்குப் பரிசு வழங்கிச் சிறப்புரையாற்ற வேண்டும் என்று ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர் ஆசிரியர் கழகத்தினர் எல்லோர் சார்பிலும் கேட்டுக்கொள்கிறேன். விழா பிப்ரவரி 21, சனிக்கிழமை மாலை 4 மணிக்குப் பள்ளி வளாகத் திறந்தவெளி அரங்கில் தொடங்குகிறது. தங்களுக்கான பகுதி 5.20 மணிக்கு நிறைவடைந்துவிடும். பிள்ளைகள் சிலர் தங்களோடு தனியே பேச ஆசைப்படுகிறார்கள். அதற்கும் நேரம் தந்தால், 5.45 மணிக்குத் தாங்கள் கிளம்பிவிடலாம். வந்து இறங்குவதிலிருந்து கிளம்புவது வரை மொத்தம் இரண்டு மணி நேரம்.

தங்களை அழைப்பது என்ற முடிவு ஆசிரியர் கூட்டத்தில் பிறந்ததில்லை. விருந்தினராக யாரைக் கூப்பிடலாம் என்று இந்த முறை மாணவர் மன்றத்திடமே கேட்டோம். நடிகர், விளையாட்டு வீரர் என்று பெயர்கள் வரும் என்றுதான் எதிர்பார்த்தோம். முதலுதவிப் பயிற்சி பெற்ற பிள்ளைகள் எழுந்து, "செப்டம்பர் மாதம் வந்து சொல்லிக்கொடுத்தார்களே, அந்த சிஸ்டரைக் கூப்பிடலாம்" என்றார்கள். மற்ற வகுப்புப் பிரதிநிதிகளும் உடனே ஆமோதித்தார்கள்.

அந்தப் பயிற்சி நாளில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் பொம்மையின் நெஞ்சில் கைவைக்கவே பயந்தான். அவனை மண்டியிட வைத்து, முழங்கை மடங்காமல் பிடித்து, தோள் நேராகக் கைக்கு மேல் வரும்படி திருத்தினீர்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும், குறைந்தது 5 செ.மீ. ஆழம் இறங்க வேண்டும், ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுதாக மேலெழ விட வேண்டும் என்று சொன்னீர்கள். "எலும்பு உடைஞ்சிட்டா?" என்று ஒரு மாணவி கேட்டாள். "உடையலாம். எலும்பு கூடிடும். நிறுத்திட்டா உயிர் கிடைக்காது" என்றீர்கள். அந்தப் பதிலுக்குப் பிறகு ஒரு பிள்ளை கூடத் தயங்கவில்லை. வரிசையில் நின்று ஒவ்வொருவராகச் செய்தார்கள். சத்தமாக எண்ணிக்கொண்டே செய்தார்கள்.

அன்றைக்கு உருவான முதலுதவிக் குழு இன்றும் இயங்குகிறது. விளையாட்டு விழாவில் மயங்கி விழுந்த ஒரு சிறுமியை நிழலுக்குத் தூக்கிப் போய்ப் படுக்க வைத்து, கால்களை உயர்த்தி வைத்து, சுற்றிக் கூட்டம் சேராமல் பார்த்துக்கொண்டதும், நினைவு வந்த பிறகு வகுப்பாசிரியையிடம் ஒப்படைத்ததும் இந்தப் பிள்ளைகள்தான். யாரும் அவர்களை ஏவவில்லை. படித்ததைத் தேவையான நேரத்தில் செய்து காட்டிய அவர்களுக்கு, சொல்லிக்கொடுத்த கையால் பரிசு கிடைக்க வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

இனி, விழாவில் தங்கள் பங்கு என்ன என்பதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். கடைசி நேரத்தில் மேடையில் எதையாவது புதிதாகச் சேர்த்து விருந்தினரைச் சங்கடப்படுத்துவது எங்கள் பள்ளியில் இருக்காது.

மாலை 3.45 மணிக்குத் தாங்கள் வந்து சேர்ந்தால், என் அறையில் சற்று இளைப்பாறிவிட்டு அரங்குக்குப் போகலாம். 4 மணிக்கு வாழ்த்துப் பாடல், வரவேற்புரை. அடுத்து ஆண்டறிக்கையை நான் வாசிப்பேன், பத்தே நிமிடம். 4.20 மணிக்குப் பள்ளி ஆண்டு மலரைத் தாங்கள் வெளியிட, ஆறாம் வகுப்பில் இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த மாணவி முதல் பிரதியைப் பெற்றுக்கொள்வாள். இந்த மலரில் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் பற்றி எழுதியிருக்கிறாள். விளக்கேந்திய சீமாட்டி என்று எல்லோரும் அறிந்த கதையை விட்டுவிட்டு, கிரிமியப் போரில் காயத்தால் இறந்த வீரர்களைவிட நோயால் இறந்தவர்களே அதிகம் என்பதை 1858இல் அவர் வட்ட வரைபடம் போட்டுக் காட்டியதை எடுத்து எழுதியிருக்கிறாள். கணக்கு ஆசிரியரின் உதவியோடு அந்த வரைபடத்தை அவளே மறுபடி வரைந்தும் இருக்கிறாள். தாங்கள் அதை ஒருமுறை புரட்டிப் பார்த்து அவளிடம் ஒரு வார்த்தை பேசினால் அவளுக்கு அது போதும்.

4.25 மணிக்குத் தங்கள் சிறப்புரை. பதினைந்திலிருந்து இருபது நிமிடம் வரை பேசலாம். கேட்கப் போகிறவர்களில் பாதிப் பேர் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்கள், பின்வரிசையில் பெற்றோர்கள். எந்தப் பொருளில் பேசுவது என்பது முழுக்கத் தங்கள் விருப்பம். கேட்டால்தான் சொல்வேன் என்று நான் ஒதுங்கிவிடவில்லை. என் மனத்தில் இருப்பதையும் சொல்கிறேன். அவசரப் பிரிவில் ஒரு சாதாரண இரவு எப்படி நகர்கிறது, ஒரே நேரத்தில் நான்கு பேர் வந்தால் யாரை முதலில் பார்ப்பது என்று எப்படி முடிவெடுக்கிறீர்கள், கை நடுங்கும்போது என்ன செய்வீர்கள் என்பதையெல்லாம் எங்கள் பிள்ளைகள் கேட்க வேண்டும். நன்றாகப் படி, பெரிய ஆளாக வா என்று அவர்களுக்கு நாங்கள் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். வேலை எப்படி இருக்கும் என்பதை அந்த வேலையில் இருப்பவர் வாயால் கேட்பது அபூர்வம். பயிற்சியின்போது பேசிய அதே பேச்சு போதும். எழுதி வைத்து வாசிக்க வேண்டியதில்லை. பிப்ரவரி 21 உலகத் தாய்மொழி நாளும் என்பதால் நிகழ்ச்சித் தொகுப்பு முழுவதும் தமிழிலேயே இருக்கும்.

4.45 மணிக்குப் பரிசளிப்பு. மொத்தம் 64 பரிசுகள். பாடவாரியாக 21, விளையாட்டில் 18, முழு வருகைக்கு 14, முதலுதவிக் குழுவினருக்கு 11. ஒரு பரிசுக்கு அரை நிமிடம் என்று வைத்தால் முப்பத்திரண்டு நிமிடம் ஆகும். பரிசுகளை வரிசை எண் போட்டு மேசையில் அடுக்கியிருப்போம். பெயர் வாசிக்கும்போதே அடுத்த பிள்ளை படியேறித் தயாராக நிற்கும். தங்கள் கையில் பரிசை எடுத்துக் கொடுக்க ஓர் ஆசிரியை பக்கத்திலேயே இருப்பார். அவ்வளவு நேரம் தொடர்ந்து நிற்க வேண்டாம். விளையாட்டுப் பரிசுகள் முடிந்ததும் ஏழாம் வகுப்பின் சிறு பாடல் ஒன்று உண்டு, அப்போது உட்கார்ந்துகொள்ளலாம். முதலுதவிக் குழுவின் பரிசைக் கடைசியில் வைத்திருக்கிறோம். அது முடிந்ததும் குழுவோடு ஒரு படம் எடுத்துக்கொண்டால், 5.20 மணியோடு மேடையில் தங்கள் வேலை முடிந்தது.

அப்புறம் உயிரியல் ஆய்வகத்தில் அந்தப் பதினொரு பிள்ளைகளும் தங்களோடு இருபது நிமிடம் பேச விரும்புகிறார்கள். செவிலியர் படிப்பில் சேர ஆசைப்படுகிற பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகள் மூவரும் அங்கே இருப்பார்கள். இது கட்டாயமில்லை. அன்று இரவு ட்யூட்டி இருந்தாலோ, முந்தின இரவு ட்யூட்டி முடித்து வருவதாக இருந்தாலோ இதைத் தாராளமாக விட்டுவிடலாம். பிள்ளைகளிடம் நான் எடுத்துச் சொல்லிக்கொள்கிறேன். 5.20க்குப் பிறகு நடக்கும் கலை நிகழ்ச்சிகள் 6.45 வரை நீளும். நேரமும் மனமும் இருந்தால் முன்வரிசையில் தங்களுக்கு இடம் இருக்கும். இடையில் எழுந்து போனாலும் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நேரத்தைப் பற்றி ஒரு விஷயம். தங்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் நாங்கள் அதைக் கண்டிப்பாகக் காப்போம். மேக்கப் போட்ட குழந்தைகள் திரைக்குப் பின்னால் மணிக்கணக்கில் காத்திருப்பது எந்தப் பள்ளிக்கும் அழகில்லை. அதனால் மேடையில் என்னையும் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரையும் தவிர வேறு யாருக்கும் உரை இல்லை. தங்களை அறிமுகப்படுத்தப் போவது முதலுதவிக் குழுத் தலைவி, இரண்டே நிமிடம்.

போக்குவரத்துக்குப் பள்ளி வண்டி வரும். எங்கள் உயிரியல் ஆசிரியை 3 மணிக்கு மருத்துவமனை முகப்பில் காத்திருப்பார். வீட்டிலிருந்து வருவதாக இருந்தால் அங்கேயே வரச் சொல்கிறேன். திரும்பக் கொண்டுவந்து விடுவதும் எங்கள் பொறுப்பு. குடும்பத்தார் யாரேனும் உடன் வந்தால் மிகவும் மகிழ்வோம்.

விழாவில் கலந்துகொள்ள மேலதிகாரிகளின் அனுமதி தேவைப்பட்டால் தெரிவியுங்கள். யாருக்கு எழுத வேண்டும் என்று சொன்னால் முறைப்படியான கடிதத்தை அன்றே அனுப்பிவிடுகிறேன். தங்கள் சம்மதத்தை ஜனவரி 23, வெள்ளிக்கிழமைக்குள் தெரிவித்தால் உதவியாக இருக்கும். 21ஆம் தேதி தங்களுக்கு முடியாது, 14ஆம் தேதி சனிக்கிழமை முடியும் என்றாலும் அதற்குள் சொல்லுங்கள், விழாவையே அந்த நாளுக்கு மாற்றிக்கொள்கிறோம். மார்ச் மாதம் பொதுத்தேர்வு என்பதால் 21ஐத் தாண்டித் தள்ளிப்போட மட்டும் வழியில்லை. அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்கு முன், தங்கள் பெயரும் பதவியும் எப்படி இடம்பெற வேண்டும் என்பதையும், அறிமுகத்துக்காகத் தங்களைப் பற்றி நான்கு வரியும் எழுதி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் வேலை எப்படிப்பட்டது என்பது எங்களுக்குத் தெரியும். விழா நாளன்றே ஏதேனும் பெரிய விபத்து என்று அழைப்பு வந்தால், தயங்காமல் அங்கே போங்கள். எங்களுக்கு ஒரு தகவல் மட்டும் போதும். அப்படி நேர்ந்தால் மற்றப் பரிசுகளை உதவித் தலைமையாசிரியர் வழங்கிவிடுவார். அந்தப் பதினொரு பரிசுகளை மட்டும் எடுத்து வைத்திருந்து, தங்களுக்கு வசதிப்படும் ஒரு நாளில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கொடுக்கச் சொல்லிக் கேட்போம்.

அடுத்த வாரம் தங்களுக்கு வசதியான ஒரு நேரத்தில் மாணவர் மன்றத்தினர் இருவருடன் நேரில் வந்து அழைக்க விரும்புகிறேன். எப்போது வரலாம் என்று சொல்லுங்கள்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியை