சாடையில் பிறக்கும் பொருள்: முக்கூடல் வட்டாரப் பீடித் தொழிலாளர் பெண்களும் குடும்பத் தொடர்களும்

தாமிரபரணிக் கரையில் உள்ள முக்கூடலை அடுத்த ஒரு சிற்றூரில், ஒரே தெருவில் வசிக்கும் 14 பெண்கள் மாலை நேரக் குடும்பத் தொடர்களிலிருந்து என்ன பொருள் கொள்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். ஆறு மாத காலம், பெரும்பாலும் மூன்று வீடுகளில், அவர்களோடு தரையில் அமர்ந்து தொடர் பார்த்தேன். வினாநிரலை நீட்டியபோது ஏறத்தாழ எல்லாருமே "சும்மா பொழுது போகணும்லா, அதுக்குப் பாக்கோம்" என்று ஒரே விடையைத் தந்தார்கள். எனவே முதல் மாதத்திலேயே அதைக் கைவிட்டு, தொடர் ஓடும்போது அவர்கள் தமக்குள் பேசிக்கொள்வதை அனுமதியுடன் குறித்துக்கொள்ளும் முறைக்கு மாறினேன். கீழே சொல்லப்படுபவை அனைத்தும் அந்தக் குறிப்பேடுகளிலிருந்து வந்தவை.

இவர்கள் எல்லாரும் பீடி சுற்றுபவர்கள். மடியில் தட்டு, அதில் வெட்டி அடுக்கிய இலை, ஓரத்தில் தூள். இலையில் தூளைப் பரப்பிச் சுருட்டி, நூல் கட்டி, முனையை மடக்கும் வரை கண் அதை விட்டு அகலாது. மறுநாள் கடையில் சரியில்லை என்று கழிக்கப்படும் பீடிக்கு நட்டம் அவர்களுக்கே. ஆகவே இவர்கள் தொடரைப் பார்ப்பதை விடக் கேட்பதே அதிகம். வீட்டுவேலையோடு சேர்த்தே பெண்கள் தொலைக்காட்சி பார்க்கிறார்கள் என்று லண்டன் குடும்பங்களை ஆராய்ந்த டேவிட் மோர்லி 1986இல் எழுதினார். இங்கே அந்த வேலை கூலிவேலையும் ஆகிறது. நாயகியின் அதிர்ச்சி முகத்தை இடிமுழக்கம் போன்ற இசையோடு மூன்று முறை காட்டியபோது ஒரு தலையும் நிமிரவில்லை; இசை நின்று மௌனம் விழுந்த கணத்தில்தான் நான்கு தலைகள் ஒன்றாக நிமிர்ந்தன. காட்சியமைப்பை மட்டும் வைத்து இத்தொடர்களை விளக்கும் ஆய்வுகள் இந்தக் கேட்கும் காதை மறந்துவிடுகின்றன என்பது என் கருத்து.

படைத்தவர் கருதிய பொருளை ஏற்பது, ஓரளவு ஏற்று ஓரளவு தம் நிலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது, எதிர்ப்பது என்று பார்வையாளரின் மூன்று நிலைகளை ஸ்டூவர்ட் ஹால் 1973இல் வகுத்தார். இவ்வகைப்பாட்டோடுதான் நானும் களத்துக்குப் போனேன். ஆனால் எந்தப் பெண்ணையும் ஒரு நிலையில் நிறுத்த முடியவில்லை. கணவனின் கடனை அடைக்க நாயகி தன் வளையல்களைக் கழற்றிக் கொடுத்த மாலையில் நடந்தது இது. அறுபது வயதை நெருங்கும் மாமியார், "குடும்பத்துக்குன்னா இப்படித்தான் செய்யணும். பொம்பளைன்னா அவதான் பொம்பளை" என்றார். மருமகள் இலையிலிருந்து கண்ணெடுக்காமல் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னார்: "குடுத்தா சரி மைனி, எப்போ திருப்பித் தருவான்னு ஒரு வார்த்தை கேட்டாளா?" அதன்பின் நூல் அறுபடும் ஓசை மட்டுமே கேட்டது. கொழுந்தனின் கல்யாணத்துக்காக அடகு வைத்த அந்த மருமகளின் நகை இரண்டு ஆண்டாகத் திருப்பப்படவில்லை என்பதைப் பிறகே அறிந்தேன்.

இதைச் சாடைப் பேச்சு என்றுதான் அந்தத் தெருவில் சொல்கிறார்கள். மாமியாரின் புகழ்ச்சியும் மருமகளின் கேள்வியும் திரையை நோக்கிச் சொல்லப்பட்டு ஒருவரையொருவர் சென்று சேர்ந்தன. நேருக்கு நேர் கேட்டால் சண்டையாகக் கூடிய ஒன்றை நாயகியின் பெயரால் கேட்க முடிகிறது. பொருளுக்கான பேரம் தொடருக்கும் பெண்ணுக்கும் இடையில் மட்டும் நடப்பதாகக் கொண்டால், வீட்டுக்குள் பெண்களிடையே நடக்கும் இந்தப் பேரம் நம் கண்ணில் படாமலே போகும். தில்லியில் தூர்தர்ஷன் தொடர்களைப் பெண்கள் தம் குடும்பச் சிக்கல்களோடு இணைத்துப் பார்த்ததைப் பூர்ணிமா மங்கேகர் விரிவாகக் காட்டியுள்ளார். அந்த இணைப்பு யார் உடனிருக்கிறார் என்பதைப் பொறுத்து மாறுவதையே நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

தொடரின் உண்மைத்தன்மை பற்றிய பேச்சும் இப்படி இரண்டுபட்டே இருக்கிறது. "பட்டுச்சேலையைக் கட்டிக்கிட்டா அடுப்படியில நிப்பா?" என்று சிரித்த ஆச்சி ஒருவர், அதே மூச்சில், "ஆனா அந்த மாமியா சொன்ன சொல்லு இருக்கே, அது உள்ளதுதான்" என்றார். நெதர்லாந்துப் பார்வையாளர்களிடம் இயென் ஆங் கண்ட உணர்வுநிலை மெய்ம்மை இதுவே. புறத்தோற்றம் பொய்யென்று தெரிந்தும், உறவின் வலி மெய்யென்று ஏற்கப்படுகிறது.

மேற்சொன்ன மருமகளிடம் பின்னொரு நாள் தனியாகப் பேசியபோது, வளையல் காட்சியை மறுநாள் செல்பேசியில், காதில் காதொலிப்பான் மாட்டிக்கொண்டு, மீண்டும் பார்த்ததாகச் சொன்னார். "அத்தை இருக்கும்போது அவளைத் திட்டத் தோணுச்சு. தனியாப் பாக்கும்போது அழுகைதான் வந்துச்சு. அவ வேற என்ன செய்வா?" சாடை பேச ஆளில்லாத இடத்தில் அவர் எதிர்க்கவில்லை. சில வாரங்கள் கழித்து நாயகிக்கு அந்த வளையல்கள் திரும்பக் கிடைத்தன. அன்று மாலை, மாமியார் பக்கத்தில் இருந்தபோது, மருமகள் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த ஒரு காட்சி மட்டும் அவருடைய செல்பேசியில் சேமிக்கப்பட்டிருந்தது.