பணி மாறுதலில் செல்லும் உதவி வேளாண்மை அலுவலருக்கு நன்றி மடல்

மன்னார்குடி வட்டாரம்,
திருவாரூர் மாவட்டம்.

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் வேறு வட்டாரத்திற்கு மாறுதலாகிச் செல்வதை அறிந்து, எங்கள் ஊர் விவசாயிகள் அனைவரின் சார்பிலும் இம்மடலை எழுதுகிறோம்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் முதன்முறையாக எங்கள் களத்துமேட்டுக்கு வந்த தாங்கள், ஒரு வாளித் தண்ணீரில் கோழி முட்டையைப் போட்டு, அது நாலணாக் காசளவு மேலே தெரிய மிதக்கும்வரை கல்லுப்பைக் கரைத்தீர்கள். அந்தக் கரைசலில் எங்கள் விதைநெல்லைக் கொட்டியபோது மிதந்து வந்த பதரைப் பார்த்து, விதை எடுத்து வைப்பதில் கைதேர்ந்தவர்கள் என்று பெயர் வாங்கிய பெரியவர்கள்கூடப் பேச்சின்றி நின்றார்கள்.

அந்தச் சம்பாவிலேயே திருந்திய நெல் சாகுபடியைத் தொடங்கினோம். ஏக்கருக்கு 30 கிலோ விதைவிட்டுப் பழகிய எங்களிடம், 3 கிலோ போதும், 14 நாள் நாற்றைக் குத்துக்கு ஒன்றாக 22.5 செ.மீ. இடைவெளியில் நடுங்கள் என்று தாங்கள் சொன்னபோது மூன்று பேர்தான் துணிந்தோம். நட்ட வயல் மாடு மேய்ந்ததுபோல வெறிச்சென்று கிடந்தது. வரப்பில் போனவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர்களில் ஒருவருடைய வயலில்தான் மறு ஆண்டு, சமன் சரியில்லாத பள்ளத்தில் நீர் தேங்கி இளநாற்று அழுகியது. நடவுக்கு முன் வயலின் சமனைப் பார்க்காமல் விட்டது என் தவறு என்று தாங்கள் அவரிடமே சொன்னீர்கள். ஓர் அலுவலர் அப்படிச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. அதன் பிறகு அந்த ஊர்க்கோடி வயல்வரை தங்கள் பேச்சு எடுபட்டது.

மேலுரம் போடுவதில்தான் தங்களோடு அதிகம் வாதிட்டோம். பயிர் கரும்பச்சையாக இருந்தால்தான் மனம் நிறையும் எங்களுக்கு. தாங்களோ வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, தங்கள் நிழலிலேயே இலையை வண்ண அட்டையோடு ஒப்பிட்டு, யூரியா இப்போது வேண்டாம் என்று மூட்டையைத் திருப்பி அனுப்பச் செய்தீர்கள். யூரியா மிகுந்தால் புகையானுக்கு விருந்து வைத்ததாகும் என்பதையும், எட்டடிக்கு ஒரு பட்டம் விட்டு நட்டால் தூர் வரை காற்றும் வெளிச்சமும் போகும் என்பதையும் அந்த வரப்பில்தான் கற்றோம்.

சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் முன்னதாக மெழுகுப் பதத்தில் உளுந்து தெளிப்பது எங்களுக்குப் பழக்கம்தான். பூக்கும்போது ஒரு முறையும் பதினைந்து நாள் கழித்து மறுமுறையும் இரண்டு சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளிக்கும் வழக்கத்தைத் தாங்களே ஏற்படுத்தினீர்கள்.

தாங்கள் விட்டுச் செல்லும் வண்ண அட்டை கூட்டுறவுச் சங்கத்துச் சுவரில், ஆளுக்கு ஆள் எடுத்துப்போகும் வகையில் ஆணியில் தொங்குகிறது. தை மாதம் அறுப்புக்குத் தாங்கள் குடும்பத்துடன் வந்து, முதல் படி நெல்லை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
ஊர் விவசாயிகள்